குழந்தைகள் இடம்பெறும் கூட்டுப்படங்கள்: பெற்றோர் கவனிக்க வேண்டியவை

காரைக்குடிப் பகுதியில் காதணி விழா என்றால், அச்சிட்ட பத்திரிகை கைக்கு வரும் முன்பே அழைப்புப் படம் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. குழந்தையின் உருவத்தை மட்டும் வெட்டியெடுத்து, செட்டிநாட்டு வீட்டு முகப்பின் முன் ஒட்டி, சுற்றிலும் வேறு படங்களையும் எழுத்துகளையும் சேர்த்து ஸ்டுடியோவில் வடிவமைக்கிறார்கள். பல படங்கள் ஒன்றாகும் இத்தகைய கூட்டுப்படத்தில் உள்ள சிக்கலைப் பெற்றோர் கூட்டத்தில் விளக்குவது நல்லது.

மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் அழைப்புப் படத்தை எடுத்துக்கொள்வோம். நடுவில் பட்டுப்பாவாடையில் அவள் நிற்கிறாள். ஓரத்தில் பள்ளிச் சீருடையில் ஒரு படம். அதில் பள்ளியின் முத்திரை தெரிகிறது. கீழே அவள் பெயர், தந்தையின் பெயர், அலைபேசி எண், மண்டபம், நாள், நேரம். இவற்றில் எதுவும் தனியாக இருந்தால் பெரிய தகவல் அல்ல. ஒரே படத்தில் சேரும்போது, முன்பின் தெரியாத ஒருவர் பள்ளி வாசலில் அவளைப் பெயர் சொல்லி அழைத்து, "அப்பாதான் அனுப்பினார்" என்று சொல்லிவிட முடியும். விழா நேரத்தில் வீடு பூட்டியிருக்கும் என்பதும் அதிலிருந்தே தெரிகிறது.

எனவே, படத்தையும் விவரங்களையும் பிரித்துவிடுவதே முதல் பாதுகாப்பு. மண்டபமும் எண்ணும் உள்ள அழைப்பு உறவினருக்குத் தனித்தனியாகப் போகட்டும். ஸ்டேட்டஸிலோ முகநூலிலோ வைக்கும் படத்தில் சீருடை, முழுப்பெயர், பிறந்த தேதி வேண்டாம்.

இரண்டாவது, வெட்டியெடுத்த உருவம். பின்னணி இல்லாத PNG கோப்பு யார் கையில் கிடைத்தாலும், அதை வேறு எந்தப் படத்திலும் நொடியில் ஒட்டிவிடலாம். பின்னணியோடு ஒன்றாக்கிய, அளவு குறைத்த JPG கோப்பை மட்டுமே பகிர வேண்டும். ஸ்டுடியோ தன் விளம்பரப் பக்கத்தில் அந்தப் படத்தைப் போடக்கூடாது என்பதையும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது, பிறர் பிள்ளைகள். வகுப்புப் படத்திலிருந்து தோழிகளையும் சேர்த்தால், அவர்களின் பெற்றோரிடம் கேட்க வேண்டும். அவர்கள் மறுத்தால் அந்தப் பகுதியை வெட்டி நீக்குவதே நல்லது. அலைபேசியில் உள்ள ஹைலைட்டர் போன்ற மெல்லிய பேனாவால் முகத்தை மறைத்தால், வெளிச்சத்தைக் கூட்டியதும் முகம் மீண்டும் தெரியலாம். மறைத்தே ஆக வேண்டுமென்றால், முழு நிறம் நிரப்பிய வட்டம் வைத்துப் புதிய படமாகச் சேமிக்க வேண்டும்.

இவ்வளவு கவனமாக இருந்தும் குழந்தையின் படம் ஆபாசமாக மாற்றப்பட்டால், "பாருங்கள், இப்படிச் செய்துவிட்டார்கள்" என்று அதை யாருக்கும் அனுப்பக்கூடாது. அத்தகைய படத்தைப் பரப்புவதே தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவின்படி குற்றம். இணைப்பு முகவரியையும் கணக்கின் பெயரையும் மட்டும் குறித்துக்கொண்டு, cybercrime.gov.in தளத்திலோ 1930 எண்ணிலோ உடனே புகார் செய்ய வேண்டும். குழந்தைக்கு உதவி தேவைப்பட்டால் 1098 எண்ணை அழைக்கலாம். இந்த எண்களை மாணவர் நாட்குறிப்பின் முதல் பக்கத்தில் எழுதச் சொன்னால், தேவைப்படும்போது தேட வேண்டியிருக்காது.