மார்ச்சில் சேர்ந்தவர்கள் ஏன் நிற்கவில்லை?

மாதச் சந்தாவுக்கு ஃபில்டர் காபித்தூள் அரைத்து வீட்டுக்கே அனுப்பும் ஒரு சிறு நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஜனவரியில் 40 பேர் சேர்ந்தார்கள், பிப்ரவரியில் 50, மார்ச்சில் 80, ஏப்ரலில் 90. மே 1 அன்று கணக்கைப் பார்த்தால், சேர்ந்த 260 பேரில் 190 பேர் இன்னும் வாங்குகிறார்கள். அதாவது 73 சதவீதம். இந்த எண்ணை நம்பி முதலாளி விளம்பரத்துக்கு இன்னும் பணம் போட்டால், அது தவறான முடிவாகிவிடக்கூடும்.

இந்த 73-க்குள் ஏப்ரலில் சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் முதல் பொட்டலத்தையே இன்னும் குடித்து முடிக்கவில்லை. விலகுவதா வேண்டாமா என்று யோசிக்கும் நேரமே வராதவர்களை ‘நிலைத்தவர்கள்’ என்று எண்ணிவிட்டோம். புதியவர்கள் நிறைய வந்துகொண்டிருக்கும்வரை மொத்தச் சதவீதம் அழகாகத்தான் தெரியும். அதனால் ஒவ்வொரு மாதத்து செட்டையும் தனித்தனியாகப் பிரித்து, அந்தந்த செட் சேர்ந்து எத்தனை மாதம் ஆனபோது எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்று பார்க்க வேண்டும்.

இதற்குத் தேவை இரண்டே தேதிகள்: சேர்ந்த நாள், விலகிய நாள். எக்செல் தாளில் B பத்தியில் முதலாவது, C பத்தியில் இரண்டாவது. விலகாதவருக்கு C காலியாக இருக்கும். கணக்கெடுக்கும் தேதியை, இங்கே மே 1-ஐ, H1 கட்டத்தில் ஒருமுறை எழுதிவிட வேண்டும். பிறகு ஒவ்வொருவரும் எத்தனை முழு மாதம் இருந்தார் என்பதை இந்தச் சூத்திரம் சொல்லும்:

```
=DATEDIF(B2, IF(C2="", $H$1, C2), "m")
```

மாதத்தின் பெயரை மட்டும் வைத்துக் கழித்தால் தப்பு வரும். ஜனவரி 31-ல் சேர்ந்து பிப்ரவரி 2-ல் விலகியவர் இருந்தது இரண்டே நாள். அந்தக் கழித்தலோ அவருக்கு ஒரு மாதம் போட்டுவிடும்.

இனி, சேர்ந்த மாதவாரியாக, குறைந்தது ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று மாதம் இருந்தவர்களை எண்ணி, அந்த செட்டின் தொடக்க எண்ணிக்கையால் வகுத்தால் அட்டவணை தயார்.

| சேர்ந்த மாதம் | சேர்ந்தவர்கள் | 1 மாதம் இருந்தவர்கள் | 2 மாதம் | 3 மாதம் |
|---|---|---|---|---|
| ஜனவரி | 40 | 32 (80%) | 28 (70%) | 26 (65%) |
| பிப்ரவரி | 50 | 40 (80%) | 36 (72%) | |
| மார்ச் | 80 | 48 (60%) | | |
| ஏப்ரல் | 90 | | | |

வலப்பக்கம் படிக்கட்டு போல இருக்கும் வெற்றுக் கட்டங்களில் பூஜ்யம் போடக் கூடாது. அந்தக் காலம் இன்னும் வரவில்லை என்பதுதான் அவற்றின் பொருள். ஏப்ரல் 1-ல் சேர்ந்தவர் மே 1-ல் ஒரு மாதம் முடித்திருப்பார், ஏப்ரல் 30-ல் சேர்ந்தவர் முடித்திருக்க மாட்டார். ஒரு செட்டின் கடைசி ஆளுக்கும் அந்த மாதம் நிறைந்த பிறகே கட்டத்தை நிரப்புவது நேர்மையான வழி.

படிக்கும்போது மேலிருந்து கீழாகப் படியுங்கள். ஒரு மாதப் பத்தியில் 80, 80, பிறகு 60. மார்ச் செட்டும் மற்றவர்களைப் போல நின்றிருந்தால் 64 பேர் இருந்திருப்பார்கள், இருப்பது 48. பதினாறு பேர் குறைவதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் இரண்டு மாதப் பத்தியில் ஜனவரியின் 70-க்கும் பிப்ரவரியின் 72-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 40 பேர் உள்ள செட்டில் ஒரே ஒருவர் போனாலே இரண்டரை சதவீதம் இறங்கிவிடும்.

மார்ச்சுக்குக் காரணம் தேடும் முன் விலகிய தேதிகளையும் சோதிக்க வேண்டும். ‘வேண்டாம்’ என்று சொன்ன நாளா, கட்டிய பணம் தீர்ந்த நாளா? எதுவானாலும் எல்லோருக்கும் ஒன்றையே எடுக்க வேண்டும். இன்னொரு சிக்கல், தானாகப் பணம் எடுக்கும் முறையில் வருவது. கார்டு காலாவதியாகிப் பணம் வராமல் நின்றவர் ‘விலகுகிறேன்’ என்று சொல்லியிருக்க மாட்டார். அவருடைய C கட்டம் காலியாகவே கிடக்கும், அட்டவணை அவரை வாடிக்கையாளராகவே எண்ணிக்கொண்டிருக்கும். கடைசியாகப் பணம் வந்த தேதியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இவர்கள் அகப்படுவார்கள்.

தேதிகள் சரி என்றால், மார்ச்சில் என்ன மாறியது என்று கேட்கலாம். நம் நிறுவனம் அந்த மாதம் மட்டும் முதல் பொட்டலத்தைப் பாதி விலைக்குக் கொடுத்தது. ஏப்ரலில் அந்தச் சலுகை இல்லை. சலுகைக்காக வந்தவர்கள் முழு விலை என்றதும் போயிருக்கலாம். அதே மாதம் அரைப்பிலோ டெலிவரியிலோ குறை வந்திருக்கவும் கூடும். ஜூன் 1-ல் ஏப்ரல் வரியின் முதல் கட்டத்தை நிரப்பலாம். அது 80-ஐ ஒட்டி வந்தால் சந்தேகம் சலுகையின் பக்கம் சாயும். 60-ஐ ஒட்டி வந்தால் விளம்பரத்தை விட்டுவிட்டு, மார்ச்சிலிருந்து அனுப்பிய தூளை ஒரு டம்ளர் போட்டுக் குடித்துப் பார்க்க வேண்டியதுதான்.