காணாமல்போன கனவு

சிறுகதைக்கு ஒரு கரு சொல்கிறேன். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் மிகயீல் புல்ககோவின் 'மாஸ்டரும் மார்கரீட்டாவும்' நாவலை முடித்துப் பதிப்பகத்தில் கொடுக்கிறார். பதிப்பாசிரியர் சந்தேகப் பேர்வழி. ஏற்கெனவே வெளிவந்த இன்னொரு மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிடுகிறார். பதினைந்தாம் அத்தியாயத்தில் நிகனோர் இவானவிச் காணும் நீண்ட கனவையே காணோம்!

"கஷ்டமா இருந்துச்சுன்னு தாண்டிட்டீங்களா?"

"என் கையில இருந்த புத்தகத்துல ஒரு வரியும் விடலை சார்."

கதை கற்பனைதான், சிக்கல் நிஜம். புல்ககோவ் 1940இல் இறந்தார். நாவலின் கையெழுத்துப் பிரதியை அவர் மனைவி எலேனா காப்பாற்றி வைத்திருந்தார். 1966 நவம்பரிலும் 1967 ஜனவரியிலும் 'மஸ்க்வா' பத்திரிகை அதை இரண்டு பகுதிகளாக வெளியிட்டது. அதற்குள் தணிக்கை புகுந்து ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கை வெட்டியிருந்தது. 1967இல் ஆங்கிலத்தில் இரண்டு மொழிபெயர்ப்புகள் வந்தன. மிர்ரா கின்ஸ்பர்க் பத்திரிகையில் வந்த பாடத்தை வைத்துச் செய்தார். மைக்கேல் கிளென்னிக்கு அதைவிட முழுமையான பிரதி கிடைத்தது. இரண்டையும் அருகருகே வைப்பவருக்குக் கின்ஸ்பர்க் ஏமாற்றியதுபோலத்தான் தோன்றும். அவர் செய்ததோ நேர்மையான வேலை.

நம் பதிப்பாசிரியர் எங்கே தவறுகிறார்? மொழிபெயர்ப்பை மூலத்தோடு ஒப்பிடாமல் இன்னொரு மொழிபெயர்ப்போடு ஒப்பிட்டதில்தான். விடுபட்ட இடங்களைக் கவனித்திருந்தாலே அவருக்குப் பாதி விடை கிடைத்திருக்கும். சோம்பேறி மொழிபெயர்ப்பாளர் விடுவது தனக்குக் கடினமான இடங்களை: சிலேடை, பாட்டு, பெயர் தெரியாத பண்டங்களின் வர்ணனை. தணிக்கைக்காரர் கடினத்தைப் பார்ப்பதில்லை, விஷயத்தைப் பார்ப்பார். அந்தக் கனவில், அந்நியப் பணத்தைப் பதுக்கியவர்களை நாடக அரங்கில் உட்காரவைத்து ஒப்படைக்கச் சொல்கிறார்கள். சோவியத் போலீஸின் பறிமுதல் வேட்டையை நையாண்டி செய்யும் பகுதி அது. வெட்டுகள் இப்படி ஒரே விஷயத்தைச் சுற்றி விழுந்தால், கை வேறொருவருடையது என்று சந்தேகிக்கலாம்.

உறுதிப்படுத்த ஒரே வழி, மொழிபெயர்ப்பாளர் வைத்திருந்த அதே பிரதியைக் கேட்டு வாங்கி, அதே இடத்தைத் திறந்து பார்ப்பது. இந்த நாவலுக்கு இன்னொரு வசதியும் உண்டு. 1969இல் ஃபிராங்க்ஃபர்ட்டின் போசெவ் பதிப்பகம், வெட்டப்பட்ட பகுதிகளைச் சாய்வெழுத்தில் அச்சிட்டு முழு நாவலையும் வெளியிட்டது. அதைப் புரட்டினால் சண்டை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஆனால் இந்தக் கதையில் மொழிபெயர்ப்பாளர் பக்கமும் ஒரு குறை உண்டு. எந்தப் பதிப்பிலிருந்து செய்தேன் என்று அவர் முதல் பக்கத்தில் எழுதியிருந்தால் கேள்வியே எழுந்திருக்காது. தமிழிலும் வேற்றுமொழி நாவல்கள் பல ஆங்கிலம் வழியாகவே வருகின்றன. மூலப் பதிப்பின் பெயரையும் ஆண்டையும், இடையில் நின்ற ஆங்கில மொழிபெயர்ப்பாளரின் பெயரையும் பதிப்பகங்கள் தயவுசெய்து உரிமைப் பக்கத்தில் அச்சிட வேண்டும்.