தப்பான தீர்ப்பையும் நிறைவேற்றித்தான் ஆக வேண்டுமா?

1994இல் ஓர் இந்திய ஏற்றுமதி நிறுவனம் இத்தாலிய நிறுவனம் ஒன்றுக்கு 20,000 டன் துரம் கோதுமை விற்க ஒப்பந்தம் போட்டது. துரம் என்பது பாஸ்தா செய்யத் தோதான கெட்டி ரகம். கப்பலில் ஏற்றும் முன் எஸ்ஜிஎஸ் என்ற பரிசோதனை நிறுவனம் சரக்கைப் பார்த்து, தரம் சரி என்று சான்றிதழ் கொடுத்தது. வாங்கியவரோ, வந்தது துரம் இல்லை, சாதாரண மென்கோதுமை என்றார். தகராறு லண்டனில் உள்ள தானிய வணிகச் சங்கத்தின் நடுவர்களிடம் போனது. விற்றவர் தோற்றார். பத்து லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு கட்டச் சொன்னார்கள்.

‘எஸ்ஜிஎஸ் சான்றிதழே முடிவானது என்று இருவரும் ஒத்துக்கொண்டிருந்தோம், நடுவர்கள் அதைத் தாண்டிப் போய்விட்டார்கள்’ என்பது விற்றவரின் வாதம். கேட்டால் நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் இதை எந்த நீதிமன்றத்தில், எந்தக் காரணத்தின் பேரில் சொல்வது?

நடுவர் தீர்ப்பை ரத்து செய்யும் அதிகாரம் பொதுவாக, நடுவர் விசாரணையின் சட்டபூர்வ இருப்பிடமாக ஒப்பந்தம் குறிக்கும் நாட்டின் நீதிமன்றத்துக்கே உண்டு. இங்கே அது லண்டன். விற்றவர் இங்கிலாந்து நீதிமன்றத்துக்குப் போய் 1998இல் தோற்றார். அடுத்து வாங்கியவர் பணத்தை வசூலிக்க டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு வந்தார். இந்திய நீதிமன்றம் வெளிநாட்டுத் தீர்ப்பை ரத்து செய்வதில்லை. அதை இங்கே நிறைவேற்ற அனுமதிப்பதா, மறுப்பதா என்பதை மட்டும் பார்க்கும். மறுப்பதற்கான காரணங்களை 1996ஆம் ஆண்டு நடுவர் சட்டத்தின் 48ஆம் பிரிவு வரிசையாகச் சொல்கிறது. நோட்டீஸ் வரவில்லை, தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தரவில்லை, நடுவர்கள் தங்களிடம் விடப்படாத விஷயத்தைத் தீர்மானித்தார்கள், தீர்ப்பு இந்தியாவின் பொதுக்கொள்கைக்கு முரணானது என்ற வகையைச் சேர்ந்தவை அவை. ‘தீர்ப்பு தப்பு’ என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

விற்றவர் பிடித்துக்கொண்டது பொதுக்கொள்கையை. அந்த நேரத்தில் அது கொஞ்சம் தளர்ந்துதான் கிடந்தது. வெளிப்படையான சட்டமீறலும் பொதுக்கொள்கைக்கு விரோதமே என்று உச்ச நீதிமன்றம் 2003இல் ஓர் உள்நாட்டு வழக்கில் சொல்லியிருந்தது. 2011இல் வேறொரு வழக்கு அந்த வாசலை வெளிநாட்டுத் தீர்ப்புகளுக்கும் திறந்துவிட்டது. கோதுமை வழக்கில், 2013இல், உச்ச நீதிமன்றம் அதை மூடியது. சான்றிதழைப் பற்றி நடுவர்கள் சொன்னது பிசகாகவே இருந்தாலும், வழக்கை மறுபடி விசாரிக்க 48ஆம் பிரிவு இடம் தராது என்றது. கோதுமை துரமா இல்லையா என்ற கேள்விக்குள் நீதிபதிகள் போகவே இல்லை. ஸ்ரீலால் மஹால் வழக்கு என்று வக்கீல்கள் சொல்வது இதைத்தான்.

இதே கோதுமையை இரண்டு இந்திய நிறுவனங்கள் டெல்லியில் நடுவர்களிடம் கொண்டுபோயிருந்தால்? அப்போது 34ஆம் பிரிவில் ரத்து கேட்கலாம். இரு தரப்பும் இந்தியர் என்பதால், 2015இல் தனியாகச் சேர்த்த வெளிப்படையான சட்டமீறல் என்ற காரணமும் கைக்கு வரும். ஒப்பந்த நிபந்தனையை நடுவர் அடியோடு ஒதுக்கிவிட்டார் என்று வாதாடலாம். அதிலும் வரம்பு உண்டு. நிபந்தனைக்கு நடுவர் கொடுத்த பொருள் ஏற்கத்தக்க ஒன்று என்றால் நீதிமன்றம் தலையிடாது, சாட்சியங்களை மறுபடி எடைபோடவும் செய்யாது. ஒரு தரப்பு வெளிநாட்டுக்காரர் என்றால், விசாரணை டெல்லியில் நடந்தாலும் இந்தக் கூடுதல் காரணம் கிடையாது.

அது இல்லாமலே ஜெயித்தவர்களும் உண்டு. தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்கும் சாங்யோங் என்ற கொரிய நிறுவனத்துக்கும் விலை உயர்வைக் கணக்கிடுவதில் தகராறு. பெரும்பான்மை நடுவர்கள் அரசு வழிகாட்டுக் குறிப்பு ஒன்றைத் தாங்களாகவே தேடி எடுத்து, இரு தரப்புக்கும் காட்டாமல், அதன்மேல் தீர்ப்பு எழுதினார்கள். கொரிய நிறுவனத்துக்குத் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பே இல்லாமல் போயிற்று. 2019இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. கோதுமை வழக்கோடு இதை ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். அங்கே நடுவர்கள் சாட்சியத்தைப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தார்கள்; அது பிடிக்கவில்லை என்பதே புகார். இங்கே சாட்சியமே மறைவில் இருந்தது.

ரத்து கேட்பவர் காலத்திலும் ஏமாறக் கூடாது. தீர்ப்பு கைக்கு வந்த நாளிலிருந்து மூன்று மாதம். தகுந்த காரணம் காட்டினால் மேலும் 30 நாள். அதற்குப் பிறகு எவ்வளவு நல்ல காரணமும் செல்லாது. மனு போட்டதாலேயே வசூலும் நிற்காது. தனியாகத் தடை உத்தரவு வாங்க வேண்டும்.

வெளிநாட்டுத் தீர்ப்பில் இன்னொரு ஓரவஞ்சனையும் உண்டு. நிறைவேற்ற மறுத்தால், மறுக்கப்பட்டவர் 50ஆம் பிரிவின் கீழ் மேல்முறையீடு செய்யலாம். அனுமதித்தால், பணம் கட்ட வேண்டியவருக்கு அந்த வழி இல்லை. உச்ச நீதிமன்றத்திடம் சிறப்பு அனுமதி கேட்பதுதான் மிச்சம். கோதுமை விற்றவரும் அப்படித்தான் அங்கே போய்ச் சேர்ந்தார்.