திரை அழகு, காரணம் எங்கே?

டிசைனர்கள் வேலை கேட்டு வரும்போது, தாங்கள் செய்தவற்றைத் தொகுத்து போர்ட்ஃபோலியோவாகக் கொடுப்பார்கள். சிலருடைய திரைகளைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஏன் இப்படிச் செய்தார் என்று தேடினால்தான் ஒன்றும் அகப்படாது. அவர்களுக்கு "லாஜிக் போதாது" என்று மட்டும் எழுதி அனுப்புவதால் பயனில்லை. எந்த இடத்தில் போதவில்லை என்று காட்ட வேண்டும்.

பேருந்து முன்பதிவுச் செயலி ஒன்றை மாற்றி வடிவமைத்த போர்ட்ஃபோலியோவை எடுத்துக்கொள்வோம். பழைய செயலியில் முதலில் இருக்கை, பிறகு ஏறுமிடம். இவர் ஏறுமிடத்தை முன்னால் கொண்டுவந்திருக்கிறார். நல்ல யோசனையாகவே இருக்கலாம். ஆனால் கீழே எழுதியிருப்பது, "பயனர் அனுபவத்தை எளிமையாக்கினேன்" என்ற ஒரே வரி. அந்த வரியை மருந்துக் கடைச் செயலிக்கும் வங்கிச் செயலிக்கும் அப்படியே ஒட்டலாம். எங்கும் ஒட்டுகிற காரணம் இந்த முடிவுக்கான காரணமாகாது.

குறிப்பை நான் இப்படி எழுதுவேன்: "எதைப் பார்த்து இந்த வரிசையை மாற்றினீர்கள்? இருக்கையைத் தேர்ந்த பிறகு, தாம்பரத்தில் வண்டி நிற்காது என்று தெரிந்து திரும்பிப் போனவர்களைப் பார்த்தீர்களா? அந்த வண்டி எங்கெல்லாம் நிற்கும் என்பதை இருக்கைப் படத்துக்கு மேலேயே காட்டியிருந்தால் போதாதா? ஜன்னலோரம் காலியா என்று மட்டும் பார்க்க வருகிறவருக்கு உங்கள் வரிசையில் ஒரு படி கூடுகிறது. அது பரவாயில்லை என்று ஏன் முடிவு செய்தீர்கள்?"

கேட்டது ஒரே ஒரு முடிவைப் பற்றித்தான். பார்த்தது என்ன, கைவிட்டது என்ன, அதனால் யாருக்கு என்ன இழப்பு என்று அவர் சொல்லிவிட்டால், மற்றத் திரைகளை எப்படி யோசித்திருப்பார் என்பதும் நமக்குப் புரிந்துவிடும்.

காரணம் இல்லாத இடத்தில் அழகும் தவறிவிடும். இதே செயலியின் டிக்கெட்டில் புறப்படும் நேரம் வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் நிறத்தில், #AAAAAA-வில் இருக்கிறது. இதன் நிற வேறுபாடு ஏறக்குறைய 2.3:1. சாதாரண அளவு எழுத்துக்கு WCAG என்ற அணுகல் நெறிமுறை கேட்பதோ குறைந்தது 4.5:1. கணினித் திரையில் மென்மையாகத் தெரியும் அந்த நிறத்தை, நண்பகல் வெயிலில் பேருந்து நிலையத்தில் நிற்கும் பெரியவர் படிக்க முடியாது. அந்த டிக்கெட்டை எங்கே நின்று பார்ப்பார்கள் என்ற கேள்வி வரைந்தபோது எழவில்லை.

குறிப்பில் ஓர் எச்சரிக்கையும் சேர்ப்பேன். கேள்வி கேட்டுவிட்டார்களே என்று, நடக்காத ஆய்வை நடந்ததாக எழுதக் கூடாது. சுவரில் ஒட்டிய வண்ணச் சீட்டுகளின் படம் காரணத்துக்கு ஈடாகாது. நிறுவன முதலாளி சொன்னதால் மாற்றினேன், நேரமில்லாததால் யாரிடமும் காட்டிப் பார்க்கவில்லை என்று எழுதினால் அது நேர்மையான பதில். நேர்முகத்தில் அடுத்த கேள்விக்கும் அது தாங்கும்.

இப்படி ஒரு குறிப்பு உங்களுக்கு வந்தால் புதுத் திரை எதையும் வரையாதீர்கள். ஏற்கெனவே எடுத்த முடிவுகளில் ஒன்றைத் தேர்ந்து, அதற்குக் கீழே நான்கைந்து வரி எழுதி, அதே போர்ட்ஃபோலியோவைத் திருப்பி அனுப்புங்கள்.