திரையில் தெரியும் கடல் எத்தனை மணிக்குரிய கடல்? ‘நேரலை’ப் பலகையில் உள்ள நேரத்தை வாசிப்பது எப்படி

2012 ஏப்ரல் 11ஆம் திகதி பிற்பகல் 2.08 மணிக்கு சுமாத்ராவுக்கு மேற்கே கடலடியில் 8.6 அளவில் நிலம் நடுங்கியது. செய்தி பரவியதும் எங்கள் கரையோர ஊர்களில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சனங்கள் உள்ளே ஓடினார்கள். 2004ஐக் கண்ட எவருக்கும் வேறு வழி தோன்றியிருக்காது. அன்று பேரலை வரவில்லை. ஆனால் அது வராது என்று தெரியும்வரை எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: கடல் இப்போது எப்படி இருக்கிறது?

இன்று அந்தக் கேள்விக்குக் கைத்தொலைபேசியிலேயே விடை தேடுகிறோம். யுனெஸ்கோவின் கடலியல் ஆணைக்குழுவுக்காக நடத்தப்படும் கடல்மட்ட அவதானிப்பு இணையத்தளத்தில் திருகோணமலை, கொழும்பு, கிரிந்த ஆகிய இடங்களின் அளவிகளும் உள்ளன. ஆற்று நீர்மட்டம், மழை, புயல் ஆகியவற்றுக்கும் இப்படியான ‘நேரலை’ப் பலகைகள் வந்துவிட்டன. ஆனால், திரையில் கோடு அசைகிறது என்பதற்காக அது இந்த நிமிடத்துக் கடலைக் காட்டுகிறது என்று நினைத்தால் ஏமாந்துபோவோம்.

ஒரு தரவு நடந்து வரும் வழி

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். துறைமுகத்தில் உள்ள ஓர் அளவி நிமிடத்துக்கு ஒரு தடவை கடல்மட்டத்தை அளக்கிறது. அளந்ததை உடனே அனுப்பாமல் சேர்த்துவைத்து, 15 நிமிடங்களுக்கு ஒரு தடவை செய்மதிக்கு அனுப்புகிறது. அது தரை நிலையத்துக்கு வந்து, சரிபார்க்கப்பட்டு, இணையத்தளத்தின் கணினியில் ஏற இரண்டு நிமிடங்கள் ஆகின்றன. நாம் திறந்துவைத்திருக்கும் பக்கமோ ஐந்து நிமிடங்களுக்கு ஒரு தடவைதான் அந்தக் கணினியிடம் புதிய தரவைக் கேட்கிறது.

அளவி பிற்பகல் 3.15க்கு அனுப்புகிறது. 3.17க்குத் தரவு கணினியில் ஏறுகிறது. 3.20க்கு நமது திரைக்கு வருகிறது. அடுத்த அனுப்புகை 3.30க்கு, அது 3.32க்கு ஏறி, 3.35க்குத்தான் திரையில் தெரியும்.

இப்போது, 3.16க்கு ஓர் அலை அந்த அளவியைத் தொட்டுவிட்டது என வைத்துக்கொள்ளுங்கள். திரையில் அது தெரிவது 3.35க்கு. 19 நிமிடங்கள் போய்விட்டன. இந்த இடைவெளியைத்தான் தாமதம் என்கிறோம்.

இங்கே கவனிக்க வேண்டியது, தாமதத்தின் பெரும்பகுதி பக்கத்தால் வந்ததல்ல, அளவி அனுப்பாமல் காத்திருந்ததால் வந்தது. நீங்கள் பத்து வினாடிக்கு ஒரு தடவை பக்கத்தைப் புதுப்பித்தாலும் 3.32க்கு முன்னர் அந்த அலையைக் காண முடியாது. தொலைபேசியின் மின்கலம்தான் தீரும்.

‘Last updated’ எதைச் சொல்கிறது?

அதே பக்கத்தை 3.34க்குப் பாருங்கள். மூலையில் `Last updated 3:30` என்று இருக்கிறது. நான்கு நிமிடம்தானே என்று மனம் ஆறுகிறது. ஆனால் அது பக்கம் கடைசியாகத் தரவு கேட்ட நேரம். திரையில் உள்ள கடைசி அளவீடோ 3.15க்குரியது.

ஒரு திரைக்குப் பின்னால் மூன்று நேரங்கள் உள்ளன: அளந்த நேரம், தரவு வந்து சேர்ந்த நேரம், பக்கம் புதுப்பிக்கப்பட்ட நேரம். உயிர் தொடர்பான முடிவுக்கு முதலாவது நேரமே வேண்டும். பல பலகைகள் மூன்றாவதை மட்டுமே பெரிதாகக் காட்டுகின்றன. அளவி பழுதாகி ஆறு மணித்தியாலம் ஆனாலும், பக்கம் தன் கடமையைச் செய்து, அதே பழைய இலக்கத்துக்குப் புதிய நேரத்தைப் போட்டுக்கொண்டே இருக்கும்.

ஆகவே வரைபில் உள்ள கடைசிப் புள்ளியைத் தொட்டு அதன் நேரத்தைப் பாருங்கள். இப்போதைய நேரத்திலிருந்து அதைக் கழித்தால் வருவது தரவின் வயது. அந்த வயது, அளவி வழமையாக அனுப்பும் இடைவெளியைப் போல் இரண்டு மூன்று மடங்கைத் தாண்டினால் அந்த அளவியை நம்பியிருக்க வேண்டாம்.

வழமையான இடைவெளியைத் தெரிந்திருப்பது முக்கியம். ஆழ்கடல் சுனாமி மிதவைகள் அமைதியான நாட்களில் 15 நிமிடத்துக்கு ஒரு அளவீடாகச் சேர்த்து, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவைதான் அனுப்பும். அப்போது அவற்றின் தரவு சில மணித்தியாலங்கள் பழையதாக இருப்பது பழுதல்ல. அசாதாரண அசைவை உணர்ந்தால் அவை தாமாகவே விழித்து, முதலில் 15 வினாடி இடைவெளியிலும் பின்னர் ஒரு நிமிட இடைவெளியிலும் எடுத்த அளவீடுகளை அனுப்பத் தொடங்கும். 2004இல் இந்து சமுத்திரத்தில் இப்படி ஒரு மிதவைகூட இருக்கவில்லை.

இன்னொரு அடையாளமும் உண்டு. எங்கள் கடல் நாளுக்கு இரண்டு தடவை ஏறி இறங்கும். வற்றும் பெருக்கும் கடற்றொழிலாளருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பல மணித்தியாலங்களாகக் கோடு பலகை போலத் தட்டையாக ஓடினால் கடல் அமைதியாக இருக்கிறது என்று அர்த்தமல்ல. அளவி சிக்கிவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

பழைய நேரம், புதிய நேரம்

நேரம் எழுதியிருந்தால் மட்டும் போதாது, அது எந்த இடத்து நேரம் என்றும் தெரிய வேண்டும். இதை வன்னியில் வாழ்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1996இல் அரசாங்கம் கடிகாரத்தை முன்னே நகர்த்தியபோது வன்னி பழைய நேரத்திலேயே நின்றது. ஓமந்தையைக் கடக்கும்போது கைக்கடிகாரத்தை அரை மணித்தியாலம் திருப்பியவர்கள் நாம். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கம் கொழும்புக் கடிகாரத்தில் காலை 6.58, முல்லைத்தீவில் 6.28. இரண்டும் ஒரே கணம். 2006 ஏப்ரலில்தான் முழு நாடும் பழைய நேரத்துக்குத் திரும்பியது.

இந்த அரை மணித்தியாலச் சிக்கல் இன்று ஒன்பதரை மணித்தியாலமாகிவிட்டது. கடல்மட்டத் தளங்கள் பெரும்பாலும் `UTC` என்ற உலகப் பொது நேரத்தைக் காட்டும். அதனுடன் ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டினால் இலங்கை நேரம். திரையில் `09:45 UTC` என்றால் இங்கே பிற்பகல் 3.15. வேறு சில பலகைகள் பார்ப்பவரின் தொலைபேசி நேரத்துக்கு மாற்றிக் காட்டும். அதே அளவீட்டைக் கோடை காலத்தில் ரொறன்ரோவில் இருக்கும் மருமகள் பார்த்தால் அவளுக்கு அதிகாலை 5.45 என்று தெரியும். அவள் திரையைப் படம்பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டால், இங்கே பார்க்கும் மாமாவுக்கு அது காலையில் எடுத்த பழைய அளவீடாகத் தோன்றும். நேரம் வெட்டப்பட்ட படம் இன்னும் மோசம். நேற்றைய கடலும் இன்றைய கடலும் படத்தில் ஒன்றுதான். படம் அனுப்புவதானால், அளந்த நேரமும் அது எந்த நாட்டு நேரம் என்பதும் அதில் இருக்கட்டும்.

சமிக்ஞை இல்லாத இடத்தில் இன்னோர் ஆபத்து. தொலைபேசி முன்னர் சேமித்த பக்கத்தையே திறந்துகாட்டலாம். கடைசிப் புள்ளியின் நேரம் நகர்கிறதா என்று பாருங்கள்.

எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக்கூடாது

துறைமுக அளவி, அலை தன்னிடம் வந்த பிறகுதான் சொல்லும். திருகோணமலை அளவியைப் பார்த்து முல்லைத்தீவில் ஓடுவதா என்று முடிவெடுக்க முடியாது. அலை இரண்டு கரைகளையும் ஏறத்தாழ ஒரே வேளையில் தொடலாம். திரை அதற்குப் பின்னால்தான் வரும். கடல் திடீரென உள்வாங்கினால், அல்லது எச்சரிக்கை வந்தால், திரையைத் தேடாமல் மேட்டுக்குப் போக வேண்டும். சந்தேகம் இருந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள்.

இந்தப் பலகை உதவுவது அதற்குப் பிறகு. மேட்டில் இருந்துகொண்டு, திரும்பிப் போகலாமா என்று யோசிக்கும் வேளையில். முதல் அலையே பெரிய அலையாக இருக்க வேண்டும் என்றில்லை. அடுத்தது ஒரு மணித்தியாலம் கழித்தும் வரலாம். கோடு அடங்கிவிட்டது போலத் தெரிந்தால், அது எத்தனை மணிக்கு அடங்கிய கோடு என்று பாருங்கள். அடங்கியிருந்தாலும், எச்சரிக்கை நீக்கப்பட்டதாக அறிவிக்கும்வரை கரைக்கு இறங்க வேண்டாம்.