உங்களுக்குத் தெரியுமா? எட்டுக் கோப்பைக்கு எந்தச் சோதனை?

ரொனால்டு ஃபிஷர் 1935இல் எழுதிய நூலில் ஒரு தேநீர்ச் சோதனை வருகிறது. எட்டுக் கோப்பைகளில் நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில். நான்குக்கு நான்கு என்பது சுவைப்பவருக்கும் தெரியும். எதில் எது முதலில் என்று எட்டையும் அவர் சரியாகச் சொன்னால், கை-வர்க்கச் சோதனை தரும் பி மதிப்பு 0.005. அதை நான் நம்பமாட்டேன். அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்திலும் எதிர்பார்க்கும் எண்ணிக்கை வெறும் 2. அந்தத் தோராயத்துக்கு வழக்கமாக 5 கேட்பார்கள். எட்டில் நான்கு கோப்பைகளைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள். ஃபிஷரின் துல்லியச் சோதனை அவற்றை நேரடியாக எண்ணி, 1/70, அதாவது 0.014 என்கிறது; இருபக்கமாகப் பார்த்தால் 0.029.

இது மிகக் கறாரான சோதனை என்ற ஆட்சேபம் நியாயமானதே. ஆனால் இங்கே நிரை, நிரல் கூட்டுத்தொகைகள் இரண்டும் முன்பே நிலையானவை, அதனால் பொருந்துகிறது. மருந்தாய்வு போலக் குழுக்களின் அளவு மட்டும் நிலையாக இருந்தால் பார்னார்டு சோதனையே மேல். எதுவானாலும் தரவைப் பார்க்கும் முன்பே முடிவு செய்து, அட்டவணையின் நான்கு எண்களையும், சோதனையின் பெயரையும், ஒருபக்கமா இருபக்கமா என்பதையும் பி மதிப்போடு சேர்த்தே எழுத வேண்டும்.