கடைக்கு எந்த ஸ்விட்ச்?

வீட்டிலும் கடையிலும் இருக்கும் ரவுட்டரின் பின்புறத்தில் பெரும்பாலும் நான்கு போர்ட்டுகள்தான் இருக்கும். அதற்கு மேல் கேபிள் செருக வேண்டுமானால் ஸ்விட்ச் வாங்க வேண்டும். கடைக்காரர் கேட்கும்போது முன்னால் வைக்கப்படுபவை இரண்டு வகை. ஒன்று அன்மேனேஜ்டு ஸ்விட்ச். கரண்ட் கொடுத்து கேபிளைச் செருகினால் அதன் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். மாற்றுவதற்கு அதில் எதுவும் இல்லை. மற்றொன்று மேனேஜ்டு ஸ்விட்ச். அதற்கென்று ஒரு முகவரியும் பாஸ்வேர்டும் உண்டு. பிரவுசரில் அந்த முகவரியைத் திறந்து, எந்த போர்ட் எதனுடன் பேசலாம், எதனுடன் பேசக் கூடாது என்று அதற்குச் சொல்லலாம்.

தகவலைக் கொண்டுசேர்க்கும் அடிப்படை வேலையில் இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது. நெட்வொர்க்கில் இணையும் ஒவ்வொரு கருவிக்கும் தனித்த மேக் முகவரி உண்டு. எந்த முகவரியிலிருந்து எந்த போர்ட் வழியாகத் தகவல் வருகிறது என்பதை ஸ்விட்ச் கவனித்து, ஒரு பட்டியலாக நினைவில் வைத்துக்கொள்கிறது. பில் போடும் கம்ப்யூட்டர் பிரின்டருக்கு அனுப்புவது பிரின்டர் இருக்கும் போர்ட்டுக்கு மட்டும் போகும். பட்டியலில் இல்லாத முகவரி என்றால் எல்லா போர்ட்டுகளுக்கும் அனுப்பிப் பார்க்கும். பதில் வந்ததும் இடத்தைக் குறித்துக்கொள்ளும். கிகாபிட் ஸ்விட்ச் என்றால் இரண்டு வகையிலும் ஒரே வேகம்தான். மேனேஜ்டு வாங்கினால் இன்டர்நெட் வேகம் கூடும் என்று நினைத்துப் பணம் கொடுப்பவர்கள் உண்டு. அந்தக் காரணத்துக்காக வாங்குவது வீண்.

எத்தனை கருவிகள் இருக்கின்றன என்பதை வைத்துத் தேர்ந்தெடுப்பதும் சரியாக வராது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஒன்றை ஒன்று பார்க்கக் கூடாத கருவிகள் ஒரே ஸ்விட்சில் சேர்கின்றனவா?

வீட்டு அலுவலகத்தில் பெரும்பாலும் அப்படி எதுவும் சேர்வதில்லை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு லேப்டாப், பிரின்டர், கோப்புகளைச் சேமிக்கும் ஒரு பெட்டி, ஒரு டிவி; எல்லாம் ஒரே வீட்டாருடையவை. பிரின்டரை எல்லாரும் பார்க்கத்தான் வேண்டும். விருந்தாளிகள் வைஃபை கேட்டால் ரவுட்டரிலேயே இருக்கும் கெஸ்ட் வைஃபை அவர்களைத் தனியே வைத்துவிடும். இங்கே ஐந்து அல்லது எட்டு போர்ட் உள்ள கிகாபிட் அன்மேனேஜ்டு ஸ்விட்ச் தாராளமாகப் போதும். பராமரிக்க எதுவும் இல்லை, மறந்துபோக பாஸ்வேர்டும் இல்லை என்பது அதன் பெரிய பலம்.

கடை அப்படியில்லை. ஒரு துணிக்கடையை எடுத்துக்கொள்வோம். கல்லாவில் இரண்டு பில்லிங் கம்ப்யூட்டர்கள், நான்கு கேமராக்களுக்கு ஒரு ரெக்கார்டர், மாடியில் வாடிக்கையாளருக்காக ஒரு வைஃபை ஆக்சஸ் பாயின்ட். ரவுட்டரின் சிக்னல் மாடிக்கு எட்டாததால்தான் அந்த ஆக்சஸ் பாயின்ட் வந்தது. அதன் கேபிள் கீழே ஸ்விட்சில் செருகப்பட்டிருக்கிறது. ஸ்விட்ச் அன்மேனேஜ்டு என்றால், மாடியில் புடவை பார்க்க வந்தவரின் செல்போனும் கல்லாவின் கம்ப்யூட்டரும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கின்றன. அந்த போனிலிருந்து ரெக்கார்டரின் லாகின் பக்கத்தைத் திறக்க முடியும். கணக்குக் கோப்புகள் இருக்கும் ஃபோல்டர் பாஸ்வேர்ட் இல்லாமல் பகிரப்பட்டிருந்தால் அதையும் பார்க்க முடியும். வருபவர் கெட்ட எண்ணத்தோடு வர வேண்டும் என்றுகூட இல்லை. அவருடைய லேப்டாப்பில் இருக்கும் வைரஸ் அதே வேலையைச் செய்துவிடும். பெயரை மட்டும் ‘கஸ்டமர் வைஃபை’ என்று வைத்துவிட்டால் பிரிந்துவிட்டதாகப் பல கடைகளில் நம்புகிறார்கள். பெயர் எதையும் பிரிப்பதில்லை.

மேனேஜ்டு ஸ்விட்ச் இதை வி-லேன் என்ற முறையில் பிரிக்கிறது. ஒரே பெட்டிக்குள் பல தனி ஸ்விட்சுகள் இருப்பதுபோல போர்ட்டுகளைக் குழுக்களாக்கி, ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் எண் கொடுப்பதுதான் வி-லேன். ஒரு குழுவின் தகவல் மறு குழுவின் போர்ட்டுக்குப் போகாது. ஒரே கேபிளில் பல குழுக்களின் தகவல் போக வேண்டிய இடத்தில், ஒவ்வொரு தகவல் பொட்டலத்திலும் குழு எண்ணைத் தாங்கிய நான்கு பைட் அடையாளம் சேர்க்கப்படுகிறது. அடையாளத்தோடு போவதை டேக்டு என்றும், இல்லாமல் போவதை அன்டேக்டு என்றும் ஸ்விட்சின் பக்கத்தில் காணலாம்.

துணிக்கடையின் எட்டு போர்ட் ஸ்விட்சில் கல்லாவுக்கு 10, ரெக்கார்டருக்கு 20, வாடிக்கையாளருக்கு 30 என்று மூன்று எண்கள் கொடுக்கலாம். முதல் போர்ட் ரவுட்டருக்குப் போகிறது. அதில் மூன்று குழுக்களும் டேக்டு. இரண்டும் மூன்றும் கல்லா; அங்கே 10 மட்டும், அன்டேக்டு. பில்லிங் கம்ப்யூட்டருக்கு வி-லேன் பற்றி எதுவும் தெரியாது, தெரியத் தேவையும் இல்லை. நான்காவது ரெக்கார்டர், 20 அன்டேக்டு. எட்டாவது மாடியின் ஆக்சஸ் பாயின்ட். அது வாடிக்கையாளருக்கு மட்டும் என்றால் 30 அன்டேக்டு. அதே ஆக்சஸ் பாயின்ட்டில் ஊழியர்களுக்கும் தனி வைஃபை வேண்டுமானால் 10, 30 இரண்டையும் டேக்டாக அனுப்பி, எந்த வைஃபை பெயர் எந்த எண்ணுக்கு என்பதை ஆக்சஸ் பாயின்ட்டில் குறிக்க வேண்டும்.

இங்கே அதிகம் நடக்கும் தவறு ஒன்று உண்டு. விலை குறைந்த பல மாடல்களில் ஒரு போர்ட்டை 10-இல் அன்டேக்டாகச் சேர்ப்பது, ஸ்விட்சிலிருந்து வெளியே போகும் தகவலுக்கு மட்டும்தான் பொருந்தும். உள்ளே வரும் தகவல் எந்தக் குழுவைச் சேர்ந்தது என்பதை PVID என்ற வேறொரு பக்கத்தில் தனியாக 10 என்று குறிக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் கம்ப்யூட்டர் அனுப்புவது பழைய 1-ஆம் குழுவுக்கே போகும். ரவுட்டர் கொடுக்க வேண்டிய முகவரி வந்து சேராது. விண்டோஸில் `ipconfig` என்று அடித்துப் பார்த்தால் 169.254 என்று தொடங்கும் முகவரி தெரியும். அது தெரிந்தால் கேபிளைச் சந்தேகிக்கும் முன் PVID பக்கத்தைப் பார்ப்பது நல்லது.

இதைவிடப் பெரிய தடை ரவுட்டரில் இருக்கிறது. ஸ்விட்ச் பிரிக்கும், ஆனால் பிரிந்த மூன்று குழுக்களுக்கும் தனித்தனி முகவரி வரிசை கொடுத்து இன்டர்நெட்டுக்கு அனுப்ப வேண்டியது ரவுட்டர். இன்டர்நெட் இணைப்போடு வரும் சாதாரண ரவுட்டர்கள் பலவற்றில் உள்பக்க வி-லேன் வசதி இருக்காது. அந்த ரவுட்டரோடு மேனேஜ்டு ஸ்விட்சை மட்டும் வாங்கி வைத்தால், கொடுத்த கூடுதல் பணத்துக்குப் பெரிய பயன் இல்லை. வி-லேன் தெரிந்த ரவுட்டரிலும், குழுக்களுக்கு இடையே போக்குவரத்தைத் தடுக்கும் விதி எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல ரவுட்டர்கள் தடை சொல்லாதவரை ஒரு குழுவிலிருந்து மறு குழுவுக்கு வழிவிடும். சரிபார்ப்பது எளிது. வாடிக்கையாளர் வைஃபையில் ஒரு செல்போனை இணைத்து, பிரவுசரில் ரெக்கார்டரின் முகவரியை அடித்துப் பார்த்தால் போதும். லாகின் பக்கம் திறந்தால் பிரிப்பு இன்னும் முடியவில்லை.

எல்லாக் கடைக்கும் இவ்வளவு வேலை தேவைப்படாது. வாடிக்கையாளர் வைஃபையே தராத கடையில் பிரிக்க வேண்டியது குறைவு. ரவுட்டரின் சிக்னலே கடை முழுதும் எட்டினால் அதன் கெஸ்ட் வைஃபை போதும். கேமராக்கள் நேரடியாக ரெக்கார்டரின் பின்புற போர்ட்டுகளில் செருகப்பட்டிருந்தால், பொதுவாக அவை ரெக்கார்டருக்குள் ஒரு தனி நெட்வொர்க்கில் இருக்கும். அவற்றுக்கென்று ஸ்விட்சில் குழு தேவையில்லை. கேபிள் வழியாகவே கேமராவுக்குக் கரண்ட் கொடுக்கும் பிஓஇ வசதிக்காக மேனேஜ்டு வாங்க வேண்டும் என்பதும் தவறான எண்ணம். அன்மேனேஜ்டு வகையிலும் பிஓஇ ஸ்விட்ச் கிடைக்கிறது. மேனேஜ்டு பிஓஇ தருவது வேறொரு வசதி: உறைந்துபோன கேமராவுக்கு ஏணி போட்டு ஏறாமல், அந்த போர்ட்டின் கரண்டை நிறுத்தித் திரும்பக் கொடுக்கலாம்.

வி-லேன் வேண்டாத கடையிலும் மேனேஜ்டு ஸ்விட்சுக்கு ஒரு நல்ல காரணம் மிச்சம் இருக்கிறது. அதுதான் லூப். மேசைக்கு அடியில் ஒரு கேபிளின் முனை தொங்குகிறது. பெருக்க வந்தவரோ புதிய ஊழியரோ அதைப் பார்த்து, கழன்றுவிட்டது என்று எண்ணி, காலியாக இருக்கும் போர்ட்டில் செருகிவிடுகிறார். அதன் மறுமுனை ஏற்கெனவே அதே ஸ்விட்சில் இருக்கிறது. எல்லாருக்கும் என்று அனுப்பப்படும் ஒரு பொட்டலம் இந்த வளையத்தில் சுற்றத் தொடங்கினால் நிற்காது. எத்தனை சுற்று வந்தது என்று எண்ணி அழித்துவிடும் ஏற்பாடு ஈதர்நெட் பொட்டலத்தில் இல்லை. சில நொடிகளில் நெட்வொர்க் முழுதும் திணறி நிற்கும். பில் போடாது, கார்டு இயந்திரம் இணையாது. அடையாளம் இதுதான்: ஸ்விட்சின் விளக்குகள் எல்லாம் ஒரே தாளத்தில், இடைவெளியே இல்லாமல் படபடக்கும். ரவுட்டரை அணைத்துப் போட்டாலும் சரியாகாது. அன்மேனேஜ்டு ஸ்விட்சில் கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எதைப் பிடுங்கியதும் விளக்குகள் அமைதியாகின்றன என்று பார்ப்பதுதான் வழி.

இந்தச் சிக்கலுக்கு 1985-இல் அமெரிக்காவின் டிஇசி நிறுவனத்தில் பணிபுரிந்த ராடியா பெர்ல்மன் உருவாக்கிய தீர்வு ஸ்பானிங் ட்ரீ. ஸ்விட்சுகள் தமக்குள் செய்தி பரிமாறி, வளையம் இருப்பதைக் கண்டுபிடித்து, அதில் ஒரு போர்ட்டைத் தாமாக அடைத்துவிடுகின்றன. முழு மேனேஜ்டு ஸ்விட்சுகளில் இது இருக்கும். ஸ்மார்ட் ஸ்விட்ச் என்று விற்கப்படும் இடைப்பட்ட வகையில் பெரும்பாலும் லூப் தடுப்பு என்ற எளிய வடிவம் இருக்கும். ஒரே கடைக்கு அது போதும்.

உண்மையில் சிறு கடைக்குத் தேர்வு, அன்மேனேஜ்டுக்கும் இந்த ஸ்மார்ட் வகைக்கும் இடையேதான். வி-லேன், லூப் தடுப்பு, எந்த போர்ட்டில் பிழைகள் கூடுகின்றன என்று காட்டும் எண்ணிக்கை ஆகிய மூன்றும் அதில் உண்டு. விலை அன்மேனேஜ்டைவிடச் சற்றுத்தான் கூடுதல். கட்டளைகளை அடித்து இயக்கும் முழு மேனேஜ்டு ஸ்விட்ச் பல மடங்கு விலை; பல மாடிகள், பல ஸ்விட்சுகள், பார்த்துக்கொள்ள ஓர் ஆள் என்று இருக்கும் அலுவலகத்துக்கு அது பொருந்தும். ஆளில்லாத கடையில் அது ஒரு சுமை.

ஸ்மார்ட் ஸ்விட்சை வாங்குபவர் முதல் நாளே செய்ய வேண்டியவை சில. தொழிற்சாலையிலிருந்து வரும் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். அது எல்லாருக்கும் தெரிந்தது, பிரித்து வைத்த குழுக்களை யார் வேண்டுமானாலும் சேர்த்துவிடலாம். மாற்றங்களைச் செய்தபின் Save என்ற பொத்தானைத் தேடி அழுத்த வேண்டும். சில மாடல்களில் இதைச் செய்யாவிட்டால் அடுத்த மின்வெட்டில் அமைப்புகள் எல்லாம் மறைந்து, பழையபடி எல்லா போர்ட்டுகளும் ஒரே குழுவாகிவிடும். அமைப்புகளைக் கோப்பாக எடுத்து பென் டிரைவில் வைத்துக்கொண்டால், இடி மின்னலில் ஸ்விட்ச் போய்விட்டாலும் அதே மாடலை வாங்கி, கோப்பை ஏற்றி, சிறிது நேரத்தில் கல்லாவைத் திறக்கலாம். அவசரத்துக்கு ஒரு அன்மேனேஜ்டு ஸ்விட்சை அந்த இடத்தில் மாட்டினால், டேக் புரியாத பில்லிங் கம்ப்யூட்டருக்கு ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் போகலாம். அதனால் எந்த கேபிள் எந்த போர்ட், எந்த எண் என்பதை ஒரு தாளில் எழுதி ஸ்விட்சின் மேலேயே ஒட்டிவைப்பது அவசியம்.